கஷ்டத்தை அல்ல, காரணத்தை எழுதுவோம்

பக்டரியில விபத்துப்பட்டு நட்டஈடு மறுக்கப்பட்டால், எங்கட ஆக்கள் எழுதும் மேன்முறையீடு பெரும்பாலும் ‘ஐயா, நான் மிகவும் கஷ்டப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தவள்’ என்றுதான் தொடங்கும். கஷ்டம் உண்மைதான். ஆனால் அவர்கள் மறுத்த காரணத்துக்கு அது பதில் இல்லை.

ஒரு உதாரணம் பார்ப்போம். கிளிநொச்சியில் ஒரு கார்மென்ட்ஸில் துணி வெட்டும் மிஷினில் ஒரு அக்காவின் வலது ஆட்காட்டி விரல் போய்விடுகிறது. மூன்று மாதம் கழித்து வேலைக்குத் திரும்புகிறா. பொதி கட்டும் பிரிவில், அதே அடிப்படைச் சம்பளத்துக்கு. ‘நீங்கள் வேலை செய்யிறீங்கள், சம்பளமும் குறையேல்லை, பிறகென்ன இயலாமை?’ என்று கொம்பனி கையை விரிக்கிறது.

இந்த இடத்தில்தான் சட்டம் தெரிய வேண்டும். 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இன்றைய சம்பளச் சிட்டையை மட்டும் பார்ப்பதில்லை. விபத்து நடந்த நேரத்தில் அவரால் செய்யக்கூடியதாக இருந்த எல்லா வேலைகளிலும் உழைக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று கேட்கிறது. விரல் இழப்பு போன்ற காயங்களுக்கு அதன் அட்டவணையிலேயே வீதம் போடப்பட்டிருக்கிறது. 2022 திருத்தத்தின் பின் உச்சத் தொகை 20 இலட்சம் ரூபா. அதுக்கு முதல் அது ஐந்தரை இலட்சம்தான்.

ஆகவே அக்காவின் கடிதம் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளருக்குப் போக வேண்டும். விபத்து நடந்த திகதி, நேரம், மிஷின், பக்கத்தில் நின்றவர்கள். பிறகு, மறுப்புக்கு நேரான பதில்: ‘முன்பு நான் வெட்டும் பிரிவில் வேலை செய்தேன். இப்போது கத்தரிக்கோலை இறுக்கிப் பிடிக்க முடியாது. தையல் வேலைக்கும் போக முடியாது. சம்பளம் குறையாதது கொம்பனி என்னை வேறு பிரிவுக்கு மாற்றியதால்தான்.’

இணைக்கும் வைத்திய அறிக்கையிலும் கவனம் வேணும். ‘காயம் ஆறிவிட்டது’ என்ற ஒரு வரி கொம்பனிக்குத்தான் உதவும். எது நிரந்தரமாகப் போனது, கை எதைச் செய்ய ஏலாது என்று எழுதித் தரும்படி வைத்தியரிடம் கேளுங்கள். அறிக்கையின் திகதியும் கடிதத்தின் திகதியும் முரண்படக் கூடாது. இரண்டு வருடத்துக்குள் கோரிக்கையைக் கொடுத்துவிட வேண்டும்.

கொழும்பு அலுவலகம் என்று பயந்து சிங்களத்தில் எழுத ஆள் தேடத் தேவையில்லை. தமிழில் எழுதுவது அரசியலமைப்பு தந்த உரிமை.

ஆனால், இவ்வளவையும் விரல் இழந்தவரே தேடிப் படிக்க வேண்டும் என்பது நியாயமா? மறுக்கிற கொம்பனி காரணத்தைத் தமிழில் எழுதித் தர வேண்டும். வன்னியின் தொழில் அலுவலகங்களில் இந்தக் கடிதத்தை எழுத உதவ ஒருவர் இருக்க வேண்டும். நாங்கள் கேட்பது இரக்கம் இல்லை. சட்டத்தில் ஏற்கனவே எழுதியிருப்பதைத்தான்.