ஒரே பணிக்கு மூன்று விடைகள்: எதுவும் கேட்காத ஒப்பீடு

நாடெங்கும் வணிகவியல் பட்டப்படிப்பின் அடக்கவிலைக் கணக்கியல் தாளில் அலுக்காமல் திரும்பி வரும் ஒரு கேள்வி உண்டு. ஒரு தொழிற்கூடத்தின் ஆண்டுக் கணக்கும் ஒரு பணியின் விவரமும் தரப்படும். மேற்செலவை மூன்று அடிப்படைகளில் ஈர்த்துக் காட்ட வேண்டும். மாணவர் காட்டுவார். பிறகு, "நேரடி உழைப்பு மணி முறையே சிறந்தது" என்று மனப்பாடமாக ஒரு வரி எழுதி, முழு மதிப்பெண் பெறுவார். அந்த வரிக்கும் அதற்கு மேலே உள்ள கணக்குக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதை விடைத்தாள் திருத்துபவரும் பொருட்படுத்துவதில்லை.

செப்புப் பட்டைகளை வெட்டி, வளைத்து, துளையிட்டுத் தரும் ஒரு சிறு பட்டறையைக் கற்பனை செய்துகொள்ளலாம். ஆண்டு நேரடி மூலப்பொருள் ₹14,00,000, நேரடிக் கூலி ₹10,00,000, உழைப்பு மணி 10,000, மேற்செலவு ₹6,00,000. எனவே மணிக்கு ₹60, கூலியில் 60 விழுக்காடு, முதன்மைச் செலவில் 25 விழுக்காடு. இனி ஒரு பணி: செம்பு ₹20,000, தேர்ந்த தொழிலாளரின் 40 மணி, மணிக்கு ₹150 வீதம் கூலி ₹6,000. மேற்செலவு, மணி அடிப்படையில் ₹2,400; கூலி அடிப்படையில் ₹3,600; முதன்மைச் செலவு அடிப்படையில் ₹6,500.

இந்த வேறுபாடு முறைகளின் தரத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பட்டறையின் சராசரிக் கூலி மணிக்கு ₹100. இந்தப் பணியிலோ ₹150. அந்த ஒன்றரை மடங்குதான் ₹2,400-ஐ ₹3,600 ஆக்கியது. பட்டறை முழுவதிலும் முதன்மைச் செலவு கூலியைப் போல் 2.4 மடங்கு, இந்தப் பணியில் 4.33 மடங்கு. ₹6,500 வந்தது அதனால்தான். சராசரியிலிருந்து பணி எவ்வளவு விலகியது என்பதை மட்டுமே ஒப்பீடு அளக்கிறது. சராசரியான பணி ஒன்றைக் கொடுத்திருந்தால் மூன்று விடைகளும் ஒன்றாகவே இருந்திருக்கும். அப்போதும் மாணவர் அதே வரியைத்தான் எழுதியிருப்பார்.

இதன் விலையைப் பட்டறை கொடுக்கிறது. வாடிக்கையாளரே செம்பைக் கொடுத்து, கூலிக்கு மட்டும் செய்து தரச் சொல்வது இந்தியத் தொழிற்பேட்டைகளில் அன்றாடம் நடப்பது. அதே பணி அப்படி வந்தால் முதன்மைச் செலவு ₹6,000 மட்டுமே, மேற்செலவு ₹1,500. அதே ஆள், அதே 40 மணி, அதே கூரை. செம்பு யாருடையது என்பதற்காக வாடகையோ மேற்பார்வையாளர் சம்பளமோ ₹5,000 குறைந்துவிட்டதா? முதன்மைச் செலவு முறையில் விலை சொல்லும் பட்டறை, சொந்தச் செம்புப் பணிகளைப் போட்டியாளரிடம் இழந்து, கூலிப் பணிகளை அள்ளிக்கொள்ளும். 10,000 மணியும் இத்தகைய 250 கூலிப் பணிகளால் நிரம்பினால் ஈர்க்கப்படுவது ₹3,75,000 மட்டுமே. மேற்செலவு ₹6,00,000 அளவிலேயே இருந்தால் ₹2,25,000 ஈர்க்கப்படாமல் நிற்கும். ஆட்கள் ஓய்வின்றி உழைத்தும் ஆண்டு முடிவில் குறை ஈர்ப்பு தோன்றினால், முதலில் ஐயப்பட வேண்டியது அடிப்படையைத்தான்.

அப்படியானால் மணி முறையே சரி என்று தேர்வு எழுதுபவர் மகிழ வேண்டியதில்லை. ₹6,00,000 எவற்றால் ஆனது என்பதை வினாத்தாள் சொல்லவே இல்லை. அதில் ₹4,80,000 வாடகை, மேற்பார்வை, விளக்கு என நேரத்தோடு சேர்ந்தவை. ₹1,20,000 கிடங்குக் காவலும் சரக்குக் காப்பீடும் எனக் கொண்டால், முன்னதற்கு மணிக்கு ₹48, பின்னதற்கு மூலப்பொருள் மதிப்பில் சுமார் 8.57 விழுக்காடு. சொந்தச் செம்புப் பணிக்கு ₹1,920-உம் ₹1,714-உம் சேர்ந்து ₹3,634 வருகிறது. 'சிறந்த' மணி முறை இதற்கு ₹1,234 குறைவு. பாடநூல்கள் ஒதுக்கும் கூலி முறையோ ₹34 வேறுபாட்டில் வந்து நிற்கிறது; அதுவும் தற்செயலாக, உயர்ந்த கூலியும் விலையுயர்ந்த செம்பும் ஒரே பணியில் கூடியதால் மட்டுமே. கூலிப் பணியில் காக்க வேண்டிய சொந்தச் சரக்கு இல்லையென்றால் ₹1,920 போதும். அங்கே கூலி முறை ₹3,600 என்று ஏறத்தாழ இருமடங்கு கேட்கும். துளையிடுவது ஆள் அல்ல, எந்திரம் என்றால் எந்திர மணி வேண்டும். மேற்கண்ட மூன்றும் பயன்படா.

இந்தியச் செலவுக் கணக்காளர் கழகத்தின் மேற்செலவு பற்றிய தரநிலை சி.ஏ.எஸ்-3, மேற்செலவை ஒதுக்கக் காரண விளைவுத் தொடர்பையோ பெற்ற பயனையோ பார்க்கச் சொல்கிறது. மேற்செலவின் உள்ளடக்கம் தெரியாமல் இரண்டில் எதையும் பார்க்க இயலாது. எனவே வினாத்தாளில் மாற வேண்டியது ஒரு வரிதான்: மேற்செலவு ₹6,00,000 என்னும் மொத்தத் தொகைக்குப் பதில், அதன் பிரிவுகளையும் ஒவ்வொன்றும் எதனால் ஏறி இறங்குகிறது என்பதையும் தர வேண்டும். மாணவர் எழுத வேண்டிய கடைசி வரியை அதன் பிறகு கணக்கே தீர்மானிக்கும். அது வினாவுக்கு வினா மாறவும் செய்யும். விடைக்குறிப்பு தயாரிப்பவருக்கு அது வசதிக்குறைவு என்பதைத் தவிர, இதை மறுக்க வேறு காரணம் எதுவும் இதுவரை முன்வைக்கப்படவில்லை.