இல்லாத நிறையை "சார்ந்தது" என்று ஏன் எழுத வைக்கிறீர்கள்?

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில்தான் எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி போன வாரம் இயற்பியல் நோட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "தாத்தா, தனி ஊசலோட அலைவு நேரம் குண்டின் நிறை, நூலின் நீளம், புவியீர்ப்பு முடுக்கம் மூணையும் சார்ந்ததுன்னு கேள்வியிலேயே இருக்கு. கணக்க முடிச்சா விடையில நிறையே இல்ல. அப்போ கேள்வி தப்பா, விடை தப்பா?"

இதை வகுப்பிலும் கேட்டிருக்கிறாள். "ஸ்டெப்பை அப்படியே எழுது, முழு மார்க் வரும்" என்று பதில் வந்திருக்கிறது. k = 2π எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, "அதான் அடைப்புக்குறியில கொடுத்திருக்கே" என்று உட்கார வைத்துவிட்டார்களாம்.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்த இடைநிலை ஆசிரியன். மேல்வகுப்புக்குப் பாடம் எடுத்தவன் இல்லை. ஆனாலும் சொல்கிறேன், அந்தப் பெண் கேட்ட இரண்டு கேள்விகளும்தான் பாடம். எழுதச் சொன்ன ஸ்டெப் வெறும் கூட்டல் கழித்தல்.

முதலில் நிறையை எடுத்துக்கொள்வோம். கேள்வியில் "சார்ந்தது" என்று இருப்பது தவறு. "சார்ந்திருக்கலாம்" என்று இருக்க வேண்டும். ஊசல் ஆடுவதைப் பார்க்கிறோம். எதெல்லாம் அதன் நேரத்தை மாற்றக்கூடும் என்று சந்தேகப்பட்டு ஒரு பட்டியல் போடுகிறோம். நிறை m, நீளம் l, புவியீர்ப்பு முடுக்கம் g. இது சந்தேகப் பட்டியல்தான், தீர்ப்பு இல்லை. பிறகு இப்படி எழுதுகிறோம்:

T = k mᵃ lᵇ gᶜ

இடது பக்கம் வெறும் வினாடி. எனவே வலது பக்கமும் கடைசியில் வினாடியாக மட்டுமே மிஞ்ச வேண்டும். m-இல் கிலோ இருக்கிறது. l-இல் மீட்டர் இருக்கிறது. g என்பது வினாடி வர்க்கத்துக்கு இத்தனை மீட்டர். இப்போது கிலோவைப் பாருங்கள். அது m-இல் மட்டும்தான் இருக்கிறது. அதை அடித்துவிட வேறு எதிலும் கிலோ இல்லை. ஆகவே m உள்ளே வரவே முடியாது, a = 0. வினாடி g-இல் மட்டும் இருக்கிறது, அதுவும் கீழே, வர்க்கமாக. அதை மேலே கொண்டுவந்து ஒற்றை வினாடியாக்க c = -1/2 ஆக வேண்டும். அதனால் கீழே வந்து சேரும் மீட்டரை அடிக்க b = 1/2. முடிந்தது:

T = k√(l/g)

பேத்தியிடம் சொன்னேன்: "கேள்வியும் விடையும் சண்டை போடலம்மா. சந்தேகப்பட்ட மூணு பேர்ல ஒருத்தர் நிரபராதின்னு கணக்கு விடுவிச்சிருக்கு." அவளுக்கு உடனே புரிந்தது. இதைச் சொல்ல அரை நிமிடம் ஆகாது. அந்த அரை நிமிடத்தைத்தான் வகுப்பில் மிச்சம் பிடிக்கிறார்கள்.

அவளை இன்னொன்றும் செய்து பார்க்கச் சொன்னேன். பட்டியலில் g-ஐ மறந்துவிட்டு m, l இரண்டை மட்டும் வைத்துக்கொள். கிலோவும் மீட்டரும் சேர்ந்து என்ன செய்தாலும் வினாடி வராது. கணக்கு அங்கேயே நின்றுவிடும். ஏதோ ஒன்றை விட்டுவிட்டாய் என்று அது சொல்கிறது. பட்டியலில் தேவையில்லாததைத் தள்ளவும், சில சமயம் விட்டுப்போனதைக் கேட்கவும் இந்த முறைக்குத் தெரியும்.

அடுத்தது k. இது மாணவர்களுக்கு இனாமாகக் கொடுக்கிற எண் இல்லை. என்னிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும், வேப்பமரக் கிளையில் நூலில் கல்லைக் கட்டி ஆடவிட்டு எண்ணுவோம். கிளையிலிருந்து கல்லின் நடு வரை 1 மீட்டர். லேசாக இழுத்துவிட்டால், போய்த் திரும்பி வருவது ஒன்று என்ற கணக்கில் 10 அலைவுக்கு ஏறத்தாழ 20 வினாடி. அப்படியானால் T = 2. l/g என்பது 1/9.8, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 0.32. இரண்டை 0.32-ஆல் வகுத்தால் 6.25. நூலை 25 செ.மீ. ஆக்கினால் 10 அலைவுக்கு 10 வினாடி. வகுத்துப் பாருங்கள், மறுபடியும் அதே 6.25-க்குப் பக்கம்தான் வரும். 2π என்பது 6.28. ஒரு நூல், ஒரு கல், ஒரு கைக்கடிகாரம். இதைச் செய்யாமல் அடைப்புக்குறியில் வாங்கிக்கொள்வானேன்?

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதைப் போட்டதும், பொறியியல் படித்த என் தம்பி மகன் எழுதினான்: "பெரியப்பா, k-ஐயே தர முடியாத முறை அரைகுறைதானே. பேசாம பார்முலாவ மனப்பாடம் பண்ணச் சொல்லுங்க."

அவனுக்கு இங்கேயே பதில் சொல்கிறேன். 1672-இல் ஜான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர், நிலநடுக்கோட்டுக்கு அருகே தென் அமெரிக்காவில் உள்ள கயேனுக்குப் போனார். பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஒரு நாளுக்கு 86,400 வினாடி, அதில் 150 வினாடி என்றால் 0.17 சதவீதம். ஊசல் நீளம் அதேதான், k-யும் அதேதான். இரண்டு ஊர்களின் நேரத்தையும் ஒப்பிடும்போது k அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது g மட்டும். அது வர்க்கமூலத்துக்குள் இருப்பதால் இரண்டு மடங்கு, அதாவது ஏறத்தாழ 0.35 சதவீதம் குறைந்திருக்க வேண்டும். இன்று அளந்த மதிப்பு பாரிஸில் 9.81, கயேனில் 9.78. வித்தியாசம் 0.3 சதவீதம். k என்னவென்றே தெரியாமல் இவ்வளவு தூரம் வர முடிகிறது. பூமி நடுவில் சற்றுப் பருத்தது என்று வாதிட நியூட்டன் எடுத்துக்கொண்ட சான்றுகளில் இந்தக் கடிகாரமும் ஒன்று. இப்போது சொல்லப்பா, அரைகுறையா?

ஆனால் இந்த முறையைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறவர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. "பரிமாண முறையில் நிரூபிக்க" என்று கேள்வி கேட்கிறார்கள். எதை நிரூபித்தோம்? கல்லை எவ்வளவு தூரம் இழுத்து விடுகிறோம் என்பது நம் பட்டியலில் இல்லையே. சேர்த்துத்தான் பாருங்கள். கோணம் என்பது வில்லின் நீளத்தை ஆரத்தால் வகுப்பது, மீட்டரை மீட்டரால் வகுப்பது. அதற்கு அலகே கிடையாது. அலகு இல்லாததை இந்த முறையால் பார்க்கவே முடியாது. அதைத் தள்ளவும் தெரியாது, கேட்கவும் தெரியாது. ஆகவே k என்பது மாறாத எண் என்று கணக்கு ஒருநாளும் சொல்லவில்லை. கோணத்துக்குக் கோணம் அது மாறலாம் என்றுதான் விட்டுவைத்திருக்கிறது.

மாறவும் செய்கிறது. 10 டிகிரிக்குள் ஆடினால் வித்தியாசம் 0.2 சதவீதத்துக்கும் குறைவு, நம் கைக்கடிகாரத்தில் தெரியாது. 60 டிகிரி இழுத்துவிட்டு, வீச்சு குறையாமல் ஆடினால் 7 சதவீதம் கூடும். 10 அலைவுக்கு 20 வினாடி எடுத்த ஊசல் இருபத்தொன்றரை வினாடி எடுக்கும். "சிறிய வீச்சுக்கு மட்டும்" என்ற நிபந்தனை இங்கிருந்துதான் வருகிறது. அதைச் சொல்லாமல் 2π-ஐ மட்டும் கொடுத்தால், பிள்ளை கல்லைப் பலமாக இழுத்துவிட்டு, விடை சரியாக வராததால் தன் மேலேயே சந்தேகப்படும்.

என்னிடம் படித்தவர்களில் பலர் இன்று ஆசிரியர்கள், பலர் பெற்றோர். உங்களிடம் கேட்பது இதுதான். இந்தக் கணக்கைப் போடும்போது "சார்ந்தது" என்பதை அடித்துவிட்டு "சார்ந்திருக்கலாம்" என்று எழுதுங்கள். அடைப்புக்குறியில் இருக்கும் 2π-ஐ மறைத்துவிட்டு நூலையும் கல்லையும் பிள்ளையின் கையில் கொடுங்கள். நிறை எங்கே போனது என்று கேட்கும் பிள்ளையை உட்காரச் சொல்லாதீர்கள்.

பேத்தி இன்று மாலை மாடிக் கம்பியில் நூல் கட்டியிருக்கிறாள். முதலில் சின்னக் கல், அடுத்து பூட்டு. எண்ணிக்கொண்டிருக்கிறாள். நானும் போகிறேன்.

– உங்கள் பழைய வாத்தியார்