ஆறு நாள் கணக்கை இன்னும் எத்தனை ஆண்டு தள்ளுவது?

வங்கிகளின் டிரேடிங் புத்தகத்துக்கான புதிய மூலதன விதியை ஐரோப்பா மறுபடியும் தள்ளிவைத்திருக்கிறது. 2025 ஜனவரியில் வந்திருக்க வேண்டியது முதலில் 2026-க்குப் போனது. 2025 ஜூனில் அது 2027 ஜனவரி 1 என்று ஆனது. அமெரிக்கா தன் விதியை இன்னும் முடிக்கவில்லை, பிரிட்டனும் 2027 என்கிறது, தனியாக முந்தினால் ஐரோப்பிய வங்கிகள் போட்டியில் பின்தங்கும் என்பது சொல்லப்பட்ட காரணம். அந்த பிரிட்டனோ அடுத்த மாதமே, வங்கிகள் சொந்த மாதிரியை வைத்துக் கணக்கிடும் பகுதியை மட்டும் 2028-க்குத் தள்ளலாம் என்று யோசனை வெளியிட்டது. ஒருவர் மற்றவரைக் கைகாட்ட, எல்லோரும் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள்.

தள்ளிவைக்கப்பட்டது ஏதோ ஒரு படிவம் அல்ல. அதற்குள் ஒரு கணக்கு மாற்றம் இருக்கிறது. ‘வேல்யூ அட் ரிஸ்க்’ என்ற அளவுகோலை, அதாவது சந்தையில் ‘வார்’ என்று சொல்லப்படுவதை, எடுத்துவிட்டு ‘எக்ஸ்பெக்டட் ஷார்ட்ஃபால்’ என்ற அளவுகோலை வைக்கும் மாற்றம். நம்மூர்ப் பங்குத் தரகர் பிடிக்கும் ‘வார் மார்ஜின்’ வழியாக முதல் பெயர் பலருக்குப் பழக்கம்தான். இரண்டாவதை இங்கே ஷார்ட்ஃபால் என்றே சொல்லலாம்.

இரண்டுமே ஒரே மூலப்பொருளிலிருந்து வருபவை. கடந்த 250 வர்த்தக நாட்களில் விலைகள் எப்படி நகர்ந்தனவோ, அந்த ஒவ்வொரு நகர்வும் இன்று கையிலிருக்கும் புத்தகத்தின்மீது நடந்தால் எவ்வளவு லாபம், எவ்வளவு நட்டம் என்று பார்க்கிறார்கள். 250 விடைகள் கிடைக்கும். பெரிய நட்டம் மேலே வரும்படி அவற்றை அடுக்குகிறார்கள். இதுவரை சண்டை இல்லை. அடுக்கிய பட்டியலில் எதைப் படிப்பது என்பதில்தான் சண்டை.

99 சதவீத வார் கேட்பவருக்கு மேலே உள்ள 1 சதவீதம், அதாவது இரண்டரை நாள், கணக்கிலிருந்து விலகிவிடும். மூன்றாவது மோசமான நாளின் நட்டமே விடை. 97.5 சதவீத ஷார்ட்ஃபால் கேட்பவர் மேலே உள்ள 2.5 சதவீதத்தை, அதாவது ஆறேகால் நாளை, மொத்தமாக எடுத்துச் சராசரி பார்க்கிறார். முதல் ஆறு நட்டங்களைக் கூட்டி, ஏழாவதில் கால்பங்கைச் சேர்த்து, 6.25-ஆல் வகுக்கிறார். ஒரு மாணவன் பத்து நிமிடத்தில் போடக்கூடிய கணக்கு.

இப்போது கற்பனையாக இரண்டு புத்தகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது, வெறும் பங்குகள் வைத்திருப்பது. அதன் மோசமான ஏழு நாட்களின் நட்டம் கோடி ரூபாயில் 4.6, 4.3, 4.1, 3.9, 3.8, 3.6, 3.5. இரண்டாவது, ஆப்ஷன் விற்றுப் பிரீமியம் வாங்கிப் பிழைப்பது. அதன் பட்டியல் 31, 19, 4.1, 2.2, 1.9, 1.6, 1.4. இரண்டிலும் மூன்றாவது எண் 4.1. ஆகவே இரண்டின் வாரும் 4.1 கோடி, வாரை மட்டும் பார்க்கும் விதிக்கு இவை இரட்டைப் பிள்ளைகள்! ஷார்ட்ஃபால் போட்டால் முதல் புத்தகத்துக்கு 4.03 கோடி வருகிறது. இரண்டாவதுக்கு 9.62 கோடி. முதல் புத்தகத்தில் இரண்டு அளவுகோல்களும் கிட்டத்தட்ட ஒன்றாக நிற்பது தற்செயல் அல்ல. நட்டங்கள் மணிவடிவ வளைவில் விழுந்தால் 99 சதவீத வாரும் 97.5 சதவீத ஷார்ட்ஃபாலும் ஏறக்குறைய சமமாக வரும். அந்தச் சதவீதத்தைத் தேர்ந்ததே அதற்காகத்தான். ஒழுங்கான புத்தகத்துக்குப் புதிய விதி பெரிய சுமை ஏற்றவில்லை. வாலில் ஆபத்தைச் சேர்த்துவைத்த புத்தகத்தைத்தான் பிடிக்கிறது.

இன்னும் மோசமானது அடுத்து வருவது. இரண்டாம் புத்தகத்தின் 31 கோடி நட்டம் 310 கோடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வார் எவ்வளவு? அதே 4.1 கோடி. ஒரு பைசாகூட நகராது. ஷார்ட்ஃபால் 54 கோடியைத் தாண்டிவிடும். வரம்பு வாரில் வைக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்த டிரேடர் என்ன செய்வார்? நான்காவது, ஐந்தாவது நாட்களின் நட்டத்தைச் சுருக்கி, முதல் இரண்டு நாட்களுக்குள் எல்லாவற்றையும் திணிப்பார். பிரீமியம் மாதாமாதம் வரும், போனஸ் ஆண்டுதோறும் வரும், ஆபத்து அறிக்கையில் எதுவும் தெரியாது. சட்டத்தை மீறாமலே இதைச் செய்யலாம் என்பதுதான் வயிற்றெரிச்சல். பழைய அளவுகோலை ஒவ்வோர் ஆண்டும் நீட்டிக்கிறவர்கள் இந்த ஓட்டையையும் சேர்த்தே நீட்டிக்கிறார்கள்.

உண்மை நாட்களிலும் இதைப் பார்க்கலாம். 2020 மார்ச்சில் நிஃப்டி 12-ஆம் தேதி 8.30 சதவீதமும், 16-ஆம் தேதி 7.61 சதவீதமும், 23-ஆம் தேதி 12.98 சதவீதமும் விழுந்தது. அந்த 23-ஆம் தேதி மாலை நிஃப்டியை மட்டும் வைத்திருந்த ஒரு புத்தகத்துக்கு 250 நாள் வார் போட்டால், மூன்றாவது மோசமான நாளான 16-ஆம் தேதியின் 7.61 சதவீதம் வருகிறது. அன்று பகலில் நடந்த 12.98 சதவீதச் சரிவு 8.31 ஆக இருந்திருந்தாலும் விடை அதுவேதான்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஓராண்டு கழித்து, 2021 மார்ச் இறுதிக்குள், அந்த நாட்கள் 250 நாள் சன்னலிலிருந்து ஒவ்வொன்றாக வெளியேறின. அப்போது வாரோடு சேர்ந்து ஷார்ட்ஃபாலும் தணிந்துதான் போகும். பட்டியலில் இல்லாத நாளை எந்தச் சராசரியும் நினைவில் வைத்திருக்காது. புதிய விதியை எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அதனால்தான் 2007 முதல் உள்ள வரலாற்றில், அந்தப் புத்தகத்துக்கு மிக மோசமான 12 மாதங்களைத் தேடி எடுத்து, அந்த அழுத்தக் காலத்துக்கு ஏற்ப ஷார்ட்ஃபாலைக் கணக்கிடச் சொன்னார்கள். அளவுகோலும் சன்னலும் சேர்ந்தே மாறின. இப்போது இரண்டும் சேர்ந்தே காத்திருக்கின்றன.

எதிர்ப்பவர்களின் வாதம் ஒன்று உண்டு: ஆறு நாள் சராசரி நிலையற்றது, ஒரு பெரிய நாள் வந்தாலும் போனாலும் எண் துள்ளும். சரி, பார்த்துவிடுவோம். இரண்டாம் புத்தகத்தில் 31 கோடி நாள் சன்னலைவிட்டுப் போகட்டும், கீழிருந்து 1.3 கோடி நாள் ஒன்று ஏழாவதாக மேலேறட்டும். ஷார்ட்ஃபால் 9.62-லிருந்து 4.88-க்கு இறங்குகிறது, ஏறக்குறையப் பாதி. வார்? மூன்றாவது இடத்துக்கு 2.2 வந்துவிடுவதால் 4.1-லிருந்து 2.2, அதுவும் ஏறக்குறையப் பாதி. துள்ளல் இரண்டுக்கும் பொது. ஷார்ட்ஃபாலை நடந்த நட்டங்களோடு ஒப்பிட்டுச் சோதிப்பது கடினம் என்ற இன்னொரு வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. வார் என்றால் ஆண்டில் எத்தனை நாள் கோட்டைத் தாண்டியது என்று எண்ணினால் போதும். ஆனால் புதிய விதியே அந்தச் சோதனையை வாரில் நடத்தி, மூலதனத்தை ஷார்ட்ஃபாலில் கேட்கிறது. பதில் விதிக்குள்ளேயே இருக்க, கேள்வியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்பது காலம் கடத்தும் வேலை.

காலம் கடத்துவதில் இந்த வட்டாரத்துக்கு நீண்ட பழக்கம் உண்டு. 1996-இல் 99 சதவீத, பத்து நாள் வாரை மூலதனத்துக்கு அடிப்படையாக்கியபோதே, கோட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்ற கேள்வி கணித அறிஞர்களிடமிருந்து கிளம்பியது. 1999-இல் ஆர்ட்ஸ்னரும் அவருடைய மூன்று சகாக்களும் எழுதிய கட்டுரை, இரண்டு புத்தகங்களைச் சேர்த்தால் வார் கூட்டுத்தொகையைவிட அதிகமாகவும் வரலாம் என்று காட்டியது. யாரும் அசையவில்லை. 2007 ஆகஸ்டில் கோல்டுமேன் சாக்ஸின் நிதித் தலைவர் டேவிட் வினியர், 25 சிக்மா நகர்வுகளைத் தொடர்ந்து சில நாட்கள் பார்த்தோம் என்றார். பிரபஞ்சத்தின் வயதுக்குள் ஒருமுறைகூட வரக்கூடாத நாள் அடுத்தடுத்து வந்ததென்றால், தவறு நாளில் இல்லை என்று அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். 2008 முடிந்தபின், 2009-இல், பழைய வாருக்கு மேல் அழுத்தக் கால வார் என்று இன்னொரு அடுக்கை ஒட்டினார்கள். அதுவும் கோட்டோடு நின்றுவிடுகிறது.

2012-ஐயும் மறக்க முடியாது. ஜே.பி. மோர்கன் வங்கியின் லண்டன் பிரிவு கிரெடிட் டெரிவேட்டிவ்களில் 600 கோடி டாலருக்கு மேல் இழந்தது. அதே ஆண்டு ஜனவரியில்தான் அந்தப் பிரிவின் வார் மாதிரி மாற்றப்பட்டிருந்தது, எண் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. கையால் நகலெடுத்து ஒட்டிய எக்செல் தாள்கள், சராசரியால் வகுக்க வேண்டிய இடத்தில் கூட்டுத்தொகையால் வகுத்த ஒரு சூத்திரம் என்று வங்கியின் சொந்த விசாரணை அறிக்கையே பிறகு சொன்னது. சூத்திரப் பிழை எந்த அளவுகோலிலும் நேரும். வரம்பு மீறிய எண் ஒரே மாதத்தில் பாதியாகும்போது மேற்பார்வையாளர்கள் என்ன பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் கேள்வி.

அதே 2012 மே மாதம்தான் ஷார்ட்ஃபாலுக்கு மாறலாம் என்ற முதல் வரைவு பாசலில் வெளியானது. 2016 ஜனவரியில் இறுதி விதி. தொடங்க வேண்டிய ஆண்டு 2019 என்றார்கள், பிறகு 2022 என்றார்கள், கோவிட் வந்ததும் 2023 என்றார்கள். கோவிட் காலத் தாமதத்தை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அதற்குப் பிறகு 2025, 2026, 2027 என்று ஐரோப்பா போட்ட தேதிகளுக்கு எந்தக் கொள்ளைநோயும் காரணம் இல்லை. கனடாவும் ஜப்பானும் 2024-இன் முதல் மாதங்களிலேயே புதிய விதிக்கு மாறிவிட்டன. அந்த நாட்டு வங்கிகள் மூழ்கிவிடவில்லை.

புதிய விதியில் குறையே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. சொந்த மாதிரிக்கு அனுமதி வாங்குவது அத்தனை கடினமாக இருப்பதால், பெரும்பாலான வங்கிகள் விதி தரும் நிலையான எடைகளோடு நின்றுவிடும் என்கிறார்கள். அந்த அச்சம் வீண் அல்ல. அதைத் திருத்த வேண்டுமானால் உட்கார்ந்து திருத்தட்டும். எந்த வடிவில், எந்தச் சலுகையோடு என்பதை அவர்களே பேசி முடிக்கட்டும். பழைய அளவுகோலை மட்டும் இன்னொரு முறை நீட்டிக்க வேண்டாம். 2027 ஜனவரி 1 என்ற தேதிக்கு அருகில் மறுபடியும் ‘போட்டிச் சமநிலை’ என்று ஓர் அறிவிப்பு வருமானால், அதை வெளியிடுகிறவர்கள் கூடவே தங்கள் வங்கிகளின் மோசமான முதல் இரண்டு நாள் நட்டங்களையும் வெளியிட வேண்டும்.