ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்

விடுமுறை நாளில் கூட்டம் கூட்டுவதென்றால் காரியதரிசிகள் பலருக்குத் தயக்கம். சிலருக்கோ அதில் சற்றும் தயக்கமில்லை. பின்னவர்களால்தான் முன்னவர்களின் அழைப்பும் மதிப்பிழந்து போகின்றது. எனவே இதில் அளவுகோல் எது என்பதை, பூதலூர் வட்டாரத்தில் நாம் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கொண்டே கூற விரும்புகின்றோம்.

2021ஆம் ஆண்டு சம்பா, தாளடிப் பயிர்க் காப்பீட்டிற்கு நவம்பர் 15 இறுதி நாள். அது திங்கட்கிழமை. அதற்கு முந்திய சனி, ஞாயிறுகளிலும் பதிவு நடைபெற அரசு ஏற்பாடு செய்திருந்தது. வெள்ளி மாலை ஒரு சங்கத்தின் காரியதரிசி, கையிலிருந்த மனுக்களை எண்ணினார். நூற்றெண்பது மனுக்கள் பதிவாகாமல் இருந்தன. ஒரு மனுவிற்குப் பத்து நிமிடம் என்றால் முப்பது மணி நேரம் ஆகும். இரண்டு குமாஸ்தாக்கள் திங்களன்று தலைக்கு ஏழு மணி நேரம் உழைத்தாலும் பதினான்கு மணி நேர வேலையே முடியும். எஞ்சிய பதினாறு மணி நேரம் சனி, ஞாயிறுகளிலிருந்துதான் வர வேண்டும். இந்தக் கணக்கைத்தான் நாம் மெய்யான அவசரம் என்கின்றோம். நாளைக் குறித்தவர் வெளியிலிருப்பவர். தவறினால் இழப்பு அங்கத்தினருக்கு. எஞ்சிய வேலையோ எண்ணிக் காட்டக்கூடியது.

இவற்றுள் ஒன்று குறைந்தாலும் ஞாயிற்றுக்கிழமையைத் தொடலாகாது. நெசவாளர் சங்கங்களில் மார்ச் 31 இருப்புக் கணக்கெடுப்பிற்காகத் திடீர்க் கூட்டம் கூட்டுவதை நாம் ஒப்புவதில்லை. அந்தத் தேதி பஞ்சாங்கத்திலேயே இருக்கின்றது.

நவம்பர் 15உம் முன்பே தெரிந்த நாள்தானே எனலாம். உண்மை. ஆனால் தாளடி நடவு ஐப்பசி வரை நீள்வதால் கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து அடங்கலோ விதைப்புச் சான்றோ பெறுவது பலருக்குத் தாமதமாகின்றது. அதனால் மனுக்கள் கடைசி வாரத்தில் குவிகின்றன. இதில் சங்கத்தின் சோம்பலும் ஒரு பங்கு உண்டென்பதை அக்காரியதரிசி மறைக்கவில்லை. அவர் அனுப்பிய அறிவிப்பு இதுதான்:

“நாளைச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு மணி நேரக் கூட்டம். நூற்றெண்பது மனுக்கள் நிலுவை. திங்களோடு பதிவு முடிகின்றது. சென்ற வாரமே கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடாதது என் பிழை. கடைமுழுக்கிற்கு மாயூரம் செல்ல எண்ணியிருந்தோர் இப்பொழுதே சொல்லிவிடுங்கள். அவர் வேலையை மாற்றித் தருகின்றேன். சனி, ஞாயிறு வேலை செய்யும் குமாஸ்தாக்கள் இருவருள் ஒருவருக்கு 18, 19 தேதிகளிலும், மற்றவருக்கு 22, 23 தேதிகளிலும் விடுப்பு.”

விடுப்பிற்குத் தேதி குறித்திருப்பதைக் கவனிக்க. “பின்னர் பார்த்துக்கொள்ளலாம்” என்ற விடுப்பு எங்கும் கிடைத்ததில்லை. தையில் அறுவடை வந்துவிடும். பிறகு கடன் வசூல், பிறகு ஆண்டு முடிவு. முந்தைய ஆண்டொன்றில் அவ்விதம் ஏமாந்த குமாஸ்தா ஒருவர், மறுமுறை அழைத்தபோது உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. நாளைக்கு நான்கு மணி நேர வேலைக்கு முழு நாள் விடுப்பு அதிகமன்றோ என்று ஒரு நிர்வாக சபை அங்கத்தினர் கேட்டாராம். நான்கு மணி நேரம் போனால் அந்த ஞாயிறு முழுவதுமே போயிற்று என்பது நம் கருத்து. இருவருக்கும் ஒரே நாளில் விடுப்பளியாமல் மாற்றி மாற்றி அளித்ததால் சங்கத்தின் வாயில் மூடப்படவில்லை.

கூட்டத்தில் பேச்சு அதிகமில்லை. கிராமவாரியாக நேரம் குறித்து டோக்கன் கொடுத்தார்கள். நிர்வாக சபையினர் மனுக்களைச் சரிபார்க்கும் பொறுப்பை ஏற்றார்கள். இந்தச் சரிபார்ப்புத்தான் முக்கியமானது. காப்பீட்டில் மகசூல் இழப்பு, வருவாய்க் கிராமத்தை அலகாகக் கொண்டு பயிர் அறுவடைச் சோதனையால் கணிக்கப்படுகின்றது. அவசரத்தில் பக்கத்துக் கிராமத்தின் பெயரைப் பதிந்துவிட்டால், தம் வயல் மூழ்கியும் அங்கத்தினருக்கு ஒன்றும் கிடைக்காமல் போகலாம். புல எண் பிழைத்தாலும் அவ்வாறே. காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு ஒன்றரை வீதம் கட்டியது வீணாகும். களைத்த கண்ணால் ஞாயிறு இரவு பத்து மணிக்குப் பதிவதைவிடப் பகலில் நான்கு மணி நேரத்தோடு நிறுத்தியது நன்று.

நாள் நீட்டிப்பார்கள், ஏன் இந்தப் பாடு என்று சிலர் முணுமுணுத்தனர். 2024இல் நவம்பர் 15 என்றிருந்தது 30 வரை நீட்டிக்கப்பட்டது உண்மைதான். ஆயினும் நீட்டிப்பு வரும் என்று கூட்டத்தைத் தள்ளிவைக்கும் உரிமை காரியதரிசிக்கு இல்லை. நீட்டிப்பு வந்துவிட்டால் அடுத்த ஞாயிறைக் கேட்கும் உரிமையும் அவருக்கு இல்லை. சொன்ன விடுப்பையும் குறைக்கலாகாது.

ஒன்றை மட்டும் அந்தச் சங்கத்தாரால் ஈடுசெய்ய முடியவில்லை. ஞாயிறன்று களை எடுப்பதை நிறுத்திவிட்டு வந்த அங்கத்தினருக்கு விடுப்பு எங்கிருந்து கொடுப்பது? டோக்கனில் குறித்த நேரத்தில் அவர்களை அனுப்பிவைத்தார்கள். நாம் பார்த்தவரையில் அரைமணிக்கு மேல் எவரும் திண்ணையில் உட்காரவில்லை.