நேர்காணல் மேசையில் ஒரு கடலைச் செடி

வேளாண் அலுவலர் பணிக்கான நேர்காணலில் இரும்புச் சத்துக் குறைபாட்டின் அறிகுறி எது என்று வினவுவது வழக்கம். "இளம் இலைகளில் நரம்பிடை மஞ்சளாதல்" என்ற விடைக்கு முழு மதிப்பெண் கிடைத்துவிடும். என் கருத்தில் அந்த இடத்திலிருந்துதான் நேர்காணல் தொடங்க வேண்டும்.

காணிப்பாக்கத்தைச் சுற்றியுள்ள சித்தூர்ப் பகுதியில் நிலக்கடலை பழகிய பயிர். தொடர்மழைக்குப் பின் வயலில் ஆங்காங்கே திட்டுத்திட்டாக மஞ்சள் படர்கிறது என்று கொள்வோம். விவசாயி யூரியா போடுகிறார், பச்சை திரும்புவதில்லை. அத்தகைய ஒரு செடியை வேரோடு பிடுங்கி மேசைமேல் வைத்து, விண்ணப்பதாரர் முதலில் எந்த இலையைப் பார்க்கிறார் என்று கவனிக்க வேண்டும்.

அடியிலைகள் முதலில் வெளுத்திருந்தால் தழைச்சத்தை ஐயுறலாம். வேர் முடிச்சைக் கீறி உள்ளே இளஞ்சிவப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அந்நிறம் இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது. நுனியிலைகள் வெளுத்து, நரம்புகள் மட்டும் பச்சையாக நின்றால் குறை இரும்பில். நரம்பும் சேர்ந்தே வெளுத்திருந்தால் கந்தகத்தை எண்ண வேண்டும்.

அடுத்து விவசாயியின் கேள்வி வரும்: "மண்ணே செக்கச் செவேலென்று இருக்கிறதே, இதில் இரும்பு இல்லாமலா போகும்?" நியாயமான கேள்வி. கார அமிலத்தன்மை, பைகார்பனேட் என்று விடை சொல்பவர் தேர்வுக்குப் படித்தவர். "இருக்கிறது ஐயா, ஆனால் பூட்டிக் கிடக்கிறது. சுண்ணாம்பு கலந்த மண்ணில் ஈரமும் தேங்கினால் வேரால் அதை எடுக்க முடியாது. முதலில் நீரை வடித்துவிடுங்கள், இப்போதைக்கு இலைவழியே கொடுப்போம்" என்பவர் வயலுக்குத் தகுந்தவர்.

மருந்தின் பெயரும் அவ்வாறே. 'பெரஸ் சல்பேட்' என்றால் விழிப்பவருக்கும் 'அன்னபேதி' என்றால் புரியும். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் அம்மண்ணில் இரு மொழிக்கும் பொதுவான சொல் அது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் சேர்க்க வேண்டும். ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல் என்றால் ஒரு கிலோவும் 200 கிராமும். அன்றே கரைத்து, மாலையில் தெளிக்க வேண்டும். கரைசல் துருநிறமானால் பயனில்லை. ஒரு வாரம் பத்து நாளில் மறுமுறை தெளிக்கலாம்.

ஐயம் நீங்காவிட்டால் முதலில் சில செடிகளுக்கு மட்டும் தெளித்து அடையாளமிட்டு வரலாம். சில நாளில் அவை பச்சை பிடித்தால் கணிப்பு சரி, இல்லையெனில் தவறு. அந்தத் தவறு சில செடிகளோடு நின்றுவிடும். விவசாயியின் பணமும் பருவமும் பிழைக்கும்.

"நான் தவறாகவும் இருக்கலாம், சோதித்துப் பார்ப்போம்" என்று சொல்லத் தெரிந்தவரை நம் மதிப்பெண் பட்டியல் இன்னும் அளக்கவில்லை. அதை அளக்க ஒரு கடலைச் செடியும் பத்து நிமிடமும் போதும்.