மாமாவுக்கு காப்பி-பேஸ்ட் வேண்டாம்

மாமாவுக்கு 61 வயசு, டிவோர்ஸ் ஆகி ஆறு வருஷம். போன மாசம் அவருக்கு டேட்டிங் ஆப் போட்டுக் குடுத்தது நான்தான். "முதல்ல என்னடா எழுதுறது?" எண்டு கேட்டார். நெட்ல கிடந்த ஒரு வரியைக் குடுத்தன்: "ஹாய் டியர், உங்கட சிரிப்பு என்ட நாளையே அழகாக்கிட்டுது." அரை மணித்தியாலத்தில அந்த அம்மா அன்மேட்ச். தன்ட வயசுதான் காரணம் எண்டு மாமா சோர்ந்து போனார்.

பிழை வயசில இல்லை, என்னில. அந்த வரியை யாருக்கும் அனுப்பலாம். முகம் தெரியாத ஆளை உடனே "டியர்" எண்டு கூப்பிடுறது ரொமான்ஸ் ஸ்கேம் செய்யிறவங்கட பழக்கம். தனியா இருக்கிற பெண்கள் அதைப் பார்த்துப் பயப்படுறது நியாயம்தானே?

அடுத்தவவின்ட ப்ரொஃபைலில ஒரு தோசைப் படம். இந்த முறை மாமாவே எழுதினார்: "இவ்வளவு வட்டமா நீங்களே சுட்டதோ? என்ட தோசை இன்னும் இலங்கை மேப் மாதிரித்தான் வருது. ஒருநாள் வகுப்பு எடுப்பீங்களோ?"

அவவின்ட படத்தைப் பார்த்தவர்தான் இதை எழுத முடியும். தன்னைத் தானே நக்கலடிக்கிறார், உடம்பைப் பற்றிக் கதைக்கேல்லை, கேள்வியும் சுகமா பதில் சொல்லக்கூடியது. "ஃபீஸ் எவ்வளவு தருவீங்கள்?" எண்டு பதில் வந்தது.

இனி என்ட வேலை ஒண்டுதான்: நேர சந்திக்க முதல் ஒரு வீடியோ கால் எடுக்கச் சொல்றது. காசு கேட்டா உடனே பிளாக். மிச்சக் கதை மாமாவின்ட பாடு.