சர்க்கிள் என்பது தனி ஊர் அல்ல

ஹைதராபாத்தில் சொத்து வரி நோட்டீஸ் வரும்போதெல்லாம், மாதாப்பூர், கச்சிபவுலி பக்கம் ஒரு பேச்சு எழும்: “அதிகம் கட்டுவது எங்கள் சர்க்கிள். அந்தப் பணம் எங்கள் சர்க்கிளுக்கே செலவாக வேண்டும்.” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்கைப் பிரித்தால் நிற்காது.

முதலில், வரி எப்படிப் பெருகுகிறது? ஒரு சதுர அடிக்கு மாநகராட்சி வைக்கும் மாத வாடகை மதிப்பை ஆண்டுக்குப் பெருக்கி, தேய்மானம் கழித்து, 30 சதவீதம் வரியும் அதன் மேல் 8 சதவீதம் நூலக வரியும் போடுகிறார்கள். சிறிய வீடுகளுக்கு மட்டும் விகிதம் குறைவு. சுருக்கமாக, பரப்பு × மதிப்பு × 3.5. ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு மதிப்பு 1 ரூபாய் என்றால் ஆண்டு வரி 3,500 ரூபாய். அதே பரப்புள்ள கடைக்கு 15 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், 52,500 ரூபாய். கடைக்காரர் பதினைந்து மடங்கு குப்பை போடுவதில்லை. வட்டாரத்தில் வணிகக் கட்டடங்கள் குவிந்திருப்பதைத்தான் வசூல் காட்டுகிறது. அங்கே குடியிருப்பவரின் தியாகத்தை அல்ல. அந்தக் கட்டடங்களில் வேலை பார்ப்பவர்களில் பலர் மாலையில் வேறு சர்க்கிள்களுக்குத்தானே வீடு திரும்புகிறார்கள்?

இரண்டாவது, சேவைகளுக்கு எல்லைக்கோடு தெரியாது. மாதாப்பூரின் குப்பை மாதாப்பூரிலேயே கிடப்பதில்லை; நீண்டகாலம் மாநகராட்சி எல்லைக்கே வெளியே இருந்த ஜவஹர்நகர் கிடங்குக்குப் போகிறது. அங்கே நாற்றத்தைச் சுமப்பவர்கள் “உங்கள் குப்பை உங்கள் சர்க்கிளுக்கே” என்று திருப்பிச் சொன்னால் என்ன பதில் வைத்திருக்கிறோம்? குகட்பள்ளி நாலாவும் அப்படித்தான். குகட்பள்ளி மண்டலத்தில் ஓடி, வேறு மண்டலத்தைச் சேர்ந்த பேகம்பேட்டை வழியாக ஹுசேன் சாகரில் விழுகிறது. மேலே ஆக்கிரமிப்பால் கால்வாய் குறுகினால், கீழே வீடுகளுக்குள் தண்ணீர் நுழைகிறது. தூர்வாரும் செலவை எந்தச் சர்க்கிள் கணக்கில் எழுதுவது?

மூன்றாவது, சர்க்கிளுக்கு உரிமை கொண்டாடத் தனிப் பணப்பெட்டி இல்லை. 2020 மாநகராட்சித் தேர்தலின்போது 6 மண்டலம், 30 சர்க்கிள், 150 வார்டு இருந்தன. மக்கள் தேர்ந்தெடுத்தது வார்டு உறுப்பினர்களை. சர்க்கிளை நடத்துபவர் நியமிக்கப்பட்ட துணை ஆணையர். சர்க்கிள் என்பது பில் கலெக்டரும் துப்புரவுப் பணியாளரும் வேலை பிரித்துக்கொள்ளும் வசதிக்கான கோடு. வேலைக்கேற்ப அது முன்பும் மாறியது, இனியும் மாறும். சாக்கடை பொங்கினால் சர்க்கிள் அலுவலகமும் கைவிரிக்கும். அது தனி வாரியமான குடிநீர், கழிவுநீர் வாரியத்தின் வேலை.

இந்தப் புலம்பலில் ஒரு நியாயம் மட்டும் மிஞ்சுகிறது: எங்கே எவ்வளவு செலவாயிற்று என்று தெரிவதில்லை. வசூல் இலக்கைச் சர்க்கிள்வாரியாக விரட்டுகிறவர்கள், செலவையும் சர்க்கிள்வாரியாக வெளியிடட்டும். அதைக் கேளுங்கள்; பங்கு கேட்காதீர்கள்.